அன்னூர்ச் சந்தையில் இரண்டு நோட்டீஸ்

ரசாக் எழுதிய நோட்டீஸைப் பாலுசாமி இரண்டு தடவை படித்தான். படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க பாய்" என்று மட்டும் சொன்னான். ரசாக்குக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. போட்டிக்காரன் எழுதியதை ஒருத்தன் இரண்டு தடவை படித்துவிட்டு நல்லா இருக்குது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

கோயமுத்தூர் பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் மருதாசலத்தின் அச்சுக்கூடம். ரசாக் அங்கே எழுத்துக் கோக்கிறவனாகச் சேர்ந்து, பிறகு நோட்டீஸ் வாசகம் எழுதுகிறவனாக ஆனவன். பல்பொடி, தைலம், சைக்கிள் கடை, நாடகக் கொட்டகை என்று ஊரில் விநியோகமான நோட்டீஸில் பாதி அவன் கைப்பட எழுதியது. பாலுசாமி வந்து ஆறு மாதம்தான் இருக்கும். விளம்பரம் எழுதுவது எப்படி என்று பம்பாயிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தவன்.

அந்த வருஷம் நீலகிரிப் பைக்காராவில் எடுத்த கரண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அன்னூர் அங்கப்பக் கவுண்டர் கரண்டு மோட்டாரும் பம்பும் விற்க ஏஜென்சி எடுத்திருந்தார். தன் கிணற்றிலேயே ஒன்றை மாட்டி வைத்திருந்தார். பக்கத்துக் கரட்டுப்பாளையத்துக்குக் கம்பி இழுக்க வேண்டுமானால், ஊரில் கொஞ்சம் பேராவது சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். மாசக் கடைசியில் எஞ்சினியர் வந்து பார்ப்பார். அதற்குள் ஊரை அசைக்க நோட்டீஸ் வேண்டும் என்று கவுண்டர் வந்து நின்றார்.

மருதாசலம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு எழுதுங்க. எவனோடது ஆளக் கொண்டாருதோ, அவன்தான் இனி எழுதறவன். இன்னொருத்தன் கேஸுக்குப் போயிரணும். ரெண்டு எழுத்தாளன வெச்சுச் சோறு போட என்றகிட்டச் சத்தில்லீங்க."

கேஸ் என்றால் ஈய எழுத்துகள் அடுக்கிய மரத்தட்டு. பாலுசாமி அங்கே போனால் கொஞ்ச நாள் கையில் மை படும், அவ்வளவுதான். ரசாக்குக்கு அப்படியில்லை. போன வருஷத்திலிருந்தே சின்ன எழுத்து அவன் கண்ணுக்கு எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்திருந்தது. ஒரு வரி கோக்கச் சொன்னால் தெரிந்துபோகும். வீட்டில் மனைவி பக்ருன்னிசாவிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை.

பாலுசாமி தன் முறையை விளக்கினான். மேஜைமேல் விரலால் நாலு கோடு போட்டுக் காட்டினான்.

"மொதல்ல அட்டென்ஷன், அவன் கண்ணை நிறுத்தோணும். அப்பறம் இன்ட்ரெஸ்ட், இது என்னடான்னு கேக்க வெக்கோணும். மூணாவது டிசையர், நமக்கும் இது இருந்தாத் தேவலைன்னு தோணோணும். கடைசில ஆக்‌ஷன். என்ன பண்ணோணும், எங்க வரோணும்னு ஒரே ஒரு வேலை சொல்லி முடிச்சுப்போடோணும். மோட்டார்னா என்னன்னே தெரியாத ஊருங்க. தெரியாத சாமானத்துக்குப் படி படியாத்தான் ஏத்தோணும்."

அவன் நோட்டீஸின் தலைப்பு: மாடு இல்லாமல் இறைக்கும் கிணறு! கீழே மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, நீர் எப்படிக் குழாயில் ஏறுகிறது என்று நாலு வரி. அப்புறம் கடைமடை வரைக்கும் நனைந்து கிடக்கிற கரும்பு. கடைசியில், இந்த மூலையை வெட்டி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அங்கப்பக் கவுண்டர் தோட்டத்துக்கு வந்தால் ஓட்டிக் காட்டப்படும்.

"படி ஏறி ஏறி அவன் மேல போறதுக்குள்ள தூங்கிப்போடுவான் தம்பி" என்றான் ரசாக். "என்ற வழி மூணே அடிதான். நோவு எங்கேன்னு காட்டு. அதைக் கிள்ளு. அவன் ஆ-ன்னு கத்தறப்ப மருந்தை நீட்டு. தைலம் அப்படித்தான் வித்தேன்."

"அமெரிக்காவுல பல்பொடிக்காரனும் அதைத்தானுங்க பண்றான். வாய் நாத்தம் வருதுன்னு பயமுறுத்தி வித்துப்போடறான்" என்று பாலுசாமி ஒத்துக்கொண்டான். "ஆனா அவனவன் வாய் அவனவனுக்குத் தெரியுமுங்களே. நோவு முன்னயே இருக்கோணும். அதுதான் அந்த வழிக்கு விசேஷம்."

"கவலை இறைக்கறவனுக்கு நோவு இல்லியா?"

இருந்தது. மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இழுப்பதுதான் கவலை; அப்படி இறைக்கிறவனின் நோவை ரசாக் ஒவ்வொன்றாக எழுதியிருந்தான். மாட்டுக் கழுத்துப் புண் ஆறிவிட்டதா? வடக்கயிறு எத்தனை முறை அறுந்தது? விடிய விடிய இறைத்தும் கடைசிப் பாத்தி காய்ந்துதானே கிடக்கிறது? கடைசியில் அவனுக்கே ரொம்பப் பிடித்த வரி: பக்கத்துக்காரன் மோட்டார் வைத்துவிட்டால் உங்கள் ஊற்று எந்தப் பக்கம் ஓடும்? அவன் முந்திக்கொள்ளுமுன் விழித்துக்கொள்ளுங்கள்! அதற்கப்புறம்தான் மருந்து: மோட்டார், அங்கப்பக் கவுண்டர், வெள்ளிக்கிழமை. மூலையை வெட்டிக் கொண்டு வரவும்.

எந்த நோட்டீஸ் ஆளைக் கூட்டி வந்தது என்று தெரிய, பாலுசாமியுடைய மூலையில் 'அ' என்றும் ரசாக்குடையதில் 'ஆ' என்றும் அச்சாயிற்று.

"ஊரைப் பிரிச்சுக்கலாமுங்க" என்றான் பாலுசாமி. "கரட்டுப்பாளையம் பக்கம் என்றது. ரோட்டுக்கு அக்கட்ட இருக்கற ஊருக உங்குளுது."

ரசாக் நிமிர்ந்து உட்கார்ந்தான். கரட்டுப்பாளையம் பாலுசாமியின் அம்மா பிறந்த ஊர். மாமன் மச்சான் எல்லாம் மூலையை வெட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதற்குத்தானே இந்தப் பேச்சு?

"அதெல்லாம் வேண்டாம். அன்னூர்ச் சந்தையில ரெண்டையும் கலந்து குடுக்கட்டும். ஒருத்தனுக்கு 'அ', அடுத்தவனுக்கு 'ஆ'. அப்பத்தான் நாயம்."

பாலுசாமி வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தவன், "செரிங்க பாய்" என்று மூடிக்கொண்டான். ரசாக் இதையும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டான்.

தண்டோராக்காரர் சுப்பண்ணன் சந்தை நாளில் இரண்டு நோட்டீஸ் கட்டையும் தூக்கிக்கொண்டு போனார். ரசாக் கூடவே போய், அவர் ஒன்று விட்டு ஒன்று கொடுக்கிறாரா என்று வெற்றிலைக் கடை நிழலில் நின்று பார்த்தான். கொடுத்தார். தவறே இல்லை.

வெள்ளிக்கிழமை கவுண்டர் தோட்டத்தில் கூட்டம் நின்றதாகச் சொன்னார்கள். மோட்டார் ஓடியது, தண்ணீர் குழாயில் கொட்டியது, கிழவர்கள்கூடக் கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்கள். சேர்ந்த மூலைத் துண்டுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார் கவுண்டர். ரசாக் மேஜைமேல் கொட்டினான். அ. அ. அ. ஒன்றைத் திருப்பிப் பார்த்தான், அதுவும் அ. ஒரு 'ஆ' கூட இல்லை.

"சுப்பண்ணா, என்றதை வாய்க்கால்ல போட்டீங்களா?"

"ஏனுங்க பாய், நீங்கதான் காக்கா மாதிரி நின்னு பாத்துட்டிருந்தீங்களே!" என்று சுப்பண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றிரண்டாவது வந்திருந்தால் ரசாக் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருப்பான். ஒன்றுமே வராமல் போனதுதான் அவனை அரித்தது. யாரோ பொறுக்கி எடுத்திருக்க வேண்டும். தீப்பெட்டியைக் கொண்டு வந்தது யார்? பாலுசாமி.

ஆனால் அடுத்த வாரம் அங்கப்பக் கவுண்டரே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மருதாசலம், என்னத்தய்யா அச்சடிச்சுக் குடுத்தீங்க? வெள்ளிக்கெழமை வந்து பல்லை இளிச்சுப் பாத்துட்டுப் போனவனெல்லாம் இப்ப என்னைக் கண்டா அக்கட்டால திரும்பிக்கறான். மனுவுல ஒரு கையெழுத்து இல்லே. கேட்டா, மாட்டோம்னு ஊரே பேசி வெச்சிருக்குதாமா!"

அப்படியென்றால் 'அ' ஆட்களும் கை கழுவிவிட்டார்கள். ரசாக்குக்குக் குழப்பமாக இருந்தது. பாலுசாமி தன் ஆட்களையே ஏன் கெடுத்துக்கொள்வான்? மருதாசலத்திடமிருந்து எழுத்துக் கேஸ் பக்கம் ஒரு பார்வை, ரசாக் பக்கம் ஒரு பார்வை. அது போதும்.

மறுநாள் ரசாக் பஸ்ஸேறி அன்னூரில் இறங்கி, கரட்டுப்பாளையத்துக்கு நடந்தான். யார் கெடுத்தது என்று கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

ஊர் எல்லையில் ஒரு கிணற்றில் கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாட்டை ஓட்டியது ஒரு பெண்பிள்ளை. ஐம்பது வயதிருக்கும், பேர் பழனாத்தாள். புருஷன் போனபின் அவர் பங்குக்கு இவளே இறைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, சந்தையில மோட்டார் நோட்டீஸ் குடுத்தாங்களே, பாத்தீங்களா?"

அவள் மாட்டை நிறுத்தினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த நோட்டீசு? கரும்பு நோட்டீசா, கழுத்தறுக்கற நோட்டீசா?"

ரசாக் அவள் கைச் சாட்டையைப் பார்த்தபடி சொன்னான்: "ரெண்டுந்தான்."

"கரும்பு நோட்டீசு நல்லாத்தான் இருந்துச்சு. நானே மூலையை வெட்டிக்கிட்டுப் போயி, தண்ணி கொட்டறதப் பாத்துட்டு வந்தேன். அந்த இன்னொண்ணு இருக்குதே சாயபு, அதை எழுதுனவன் எவன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க, இந்தச் சாட்டையில ரெண்டு வெக்கோணும்."

"அப்படி என்னங்க எழுதிப்போட்டான்?"

"வாங்க, இப்பிடி வந்து பாருங்க" என்று கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். "இது யார் கெணறு? என்றதா? இல்லே. நாலு பங்கு. இன்னைக்கு என்ற மொறை. நாளைக்குப் பக்கத்துக் காட்டுத் தம்பிதுரை மொறை. பொறவு ரெண்டு பேரு. இந்த ஊர்ல முக்காவாசிக் கெணறு இப்பிடித்தான். எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து எவன் எத்தனை சால் எறைச்சான்னு எண்ணிக்கிட்டு, அப்பிடியும் சண்டையில்லாம ஓட்டிட்டு வாரோம்."

ரசாக் கிணற்றை எட்டிப் பார்த்தான். எட்டாத ஆழத்தில் ஒரு வட்டம் தண்ணீர்.

"ஊருக்குள்ள படிக்கத் தெரிஞ்சது நாலு பேரு. சாயங்காலம் கோயில் முன்னால எல்லாத்தையும் ஒக்கார வெச்சு ஒருத்தன் சத்தம் போட்டுப் படிச்சான். மாட்டுக் கழுத்துப் புண்ணுன்னான், ஆமா ஆமான்னு தலையாட்டுனோம். கயிறு அறுந்துச்சான்னான், ஆமான்னோம். அப்பறம் படிக்கறான், பக்கத்துக்காரன் முந்திக்குவான், உன்ற ஊத்து போயிருமுன்னு. பக்கத்துக்காரன் ஆரு? எனக்குத் தம்பிதுரை. அவன் என்ற பக்கத்துலயே ஒக்காந்திருக்கறான்! அவனுக்கு நான். ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துக்கிட்டோம். 'ஏனுங்க அக்கா, நீங்கதான் வெள்ளிக்கெழமை மோட்டாரு பாக்கப் போறீங்களாமா?'ன்னு கேட்டான் பாருங்க. எனக்கு அப்பிடியே குறுகிப்போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. வெட்டி வெச்சிருந்தவன் வெட்டாதவன் எல்லாத்து மேலயும் சந்தேகம். அந்தக் கழுத்தறுக்கற நோட்டீசு மூலையை எடுத்துட்டுப் போறதே களவாணித்தனம்னு ஆயிப்போச்சு. நாங்க போய் வந்த ஒரு வாரத்துல, எவனும் மோட்டாரு வெக்கப்படாதுன்னு மாசாணியம்மன் முன்னால சத்தியம் பண்ணிட்டாங்க. நானுந்தான் பண்ணுனேன். என்ற கழுத்து வலிதான் போகுதா, இல்லே மாட்டுக் கழுத்துப் புண்ணுதான் போகுதா?"

மாடு தலையை ஆட்டியது. அதன் கழுத்தில், ரசாக் பார்க்காமலே எழுதிய புண் நிஜமாகவே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தான். தைலம் நோட்டீஸை ஒருத்தன் தனியாகப் படிப்பான். தன் முழங்கால் மூட்டைத் தானே தொட்டுப் பார்ப்பான். அங்கே கிள்ளலாம். கோயில் முன்னால் பத்துப் பேர் நடுவில் படிக்கிற நோட்டீஸில் பக்கத்துக்காரனைக் காட்டிக் கிள்ளினால், அது குற்றம் சாட்டுவது. கிள்ளியதென்னவோ சரியாகத்தான் வலித்தது. ஆனால் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் வேறொரு மருந்து இருந்தது: பக்கத்துக்காரனைத் தடுத்துவிடு. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உறைத்தது. பாலுசாமி சொன்னபடி ஊரைப் பிரித்திருந்தால், கரட்டுப்பாளையத்துக்கு அந்த வரி போயே இருக்காது. கலந்து கொடுக்கச் சொன்னது ரசாக். 'அ' படித்து ஆசைப்பட்டவன் காதிலும் 'ஆ'வை ஊற்றினது அவனேதான்.

அச்சுக்கூடத்தில் பாலுசாமி புரூப் திருத்திக்கொண்டிருந்தான். ரசாக் கதவைச் சாத்தினான்.

"தம்பி, உங்கம்மா ஊர்ல கெணறெல்லாம் பங்குக் கெணறுன்னு உனக்குத் தெரியுமா?"

பாலுசாமியின் பென்சில் நின்றது. "தெரியுமுங்க."

"என்ற நோட்டீஸை ரெண்டு தடவை படிச்சியே. அந்த வரி அங்கே என்ன பண்ணுமுன்னும் தெரியும்?"

"இப்பிடி ஊரே சத்தியம் பண்ணுமுன்னு தெரியாதுங்க. ஆனா நல்லதுக்கில்லேன்னு தெரிஞ்சது."

"பொறவு ஏன்டா சொல்லலே?"

"போட்டிதானுங்களே பாய்." அவன் தலை குனிந்தபடியே சொன்னான். "நீங்க கலந்து குடுக்கோணும்னப்ப சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னைக் களவாணி மாதிரிப் பாத்தீங்க. செரி, போகட்டும்னு உட்டுப்போட்டேன்."

ரசாக்குக்குக் கையை ஓங்கத் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. சந்தேகப்பட்டது சரியாகத்தான் இருந்திருக்கிறது. தப்பான இடத்தில் தேடியிருக்கிறான், அவ்வளவுதான்.

முதலாளியிடம் வேறு மாதிரி சொல்ல முடியும். மாமன் மச்சானை வைத்துப் பாலுசாமி கெடுத்துவிட்டான் என்றால் மருதாசலம் நம்புவார். பாதி நம்பினாலும் போதும். ரசாக் சாயங்காலம் வரை அதை மென்றுகொண்டிருந்தான். பிறகு மருதாசலமும் அங்கப்பக் கவுண்டரும் இருக்கும்போது போய், நடந்ததை நடந்தபடி சொன்னான். கவுண்டர் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி ஓய்ந்ததும் ரசாக் சொன்னான்:

"இன்னொண்ணு எழுதிக் குடுக்கறேனுங்க. அதுவும் போச்சுன்னா நானே கேஸுக்குப் போயிர்றேன்."

புதுசையும் அவன் நோவிலிருந்துதான் ஆரம்பித்தான். அந்த ஊருக்குக் கவலையின் நோவு தெரியும், அதற்குப் படி கட்டத் தேவையில்லை. மாட்டுக் கழுத்து இருந்தது, கயிறு இருந்தது, காய்ந்த கடைசிப் பாத்தி இருந்தது. பக்கத்துக்காரன் இல்லை. கிள்ளியதெல்லாம் கிணற்றின் ஆழத்தையும் ராத்திரி முறையையும்தான். தீர்வு: ஒரு கிணற்றுக்கு ஒரே மோட்டார். பங்குக்காரருக்கு மணிக் கணக்கில் முறை. ஊற்றில் இருப்பதுதான் வரும், இல்லாததை மோட்டார் கொண்டுவராது என்று கவுண்டர் வாயால் கேட்டதையும் அப்படியே போட்டான்.

எழுதி முடித்து, மருதாசலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலுசாமியை உட்காரவைத்து, "சத்தம் போட்டுப் படி" என்றான். "நானு பழனாத்தா. மொதலாளி தம்பிதுரை. பக்கத்துல ஒக்காந்து கேக்கறோம்."

பாலுசாமி படித்தான். கடைசி வரியில் நிறுத்தினான்.

"மூலையை வெட்டிக் கொண்டாறச் சொல்லாதீங்க பாய். ஒருத்தன் தனியா வெட்டிட்டு வந்தா மறுபடியும் சந்தேகந்தான். ஒரு கெணத்துப் பங்குக்காரரு எல்லாரும் சேர்ந்து வந்தால்தான் பேச்சுன்னு போடுங்க. ஆக்‌ஷன் அதா இருக்கட்டும்."

ரசாக் அவனையே பார்த்தான். நாலு பங்காளி ஒன்றாகக் கிளம்பி வருவதாவது! ஒருத்தரும் வராமல் என்னைக் கேஸுக்கு அனுப்பத்தானே இது?

"நீ சொல்றது என்ற நல்லதுக்கா, உன்ற நல்லதுக்கா?"

"கம்பி வராமப் போனா ரெண்டு பேருக்கும் எழுத நோட்டீசே இருக்காதுங்க."

அது நம்பும்படியான காரணமாக இருந்தது. ரசாக் அந்த வரியைப் போட்டான்.

எஞ்சினியர் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரசாக் கவுண்டர் தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்றான். வெயில் ஏறும்வரை யாரும் இல்லை. அப்புறம் வண்டித் தடத்தில் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவே ஒரு வண்டி போகிற இடைவெளி. முன்னால் பழனாத்தாள், கடைசியில் தம்பிதுரை. யாரும் யாரையும் முந்தவில்லை, பிந்தவுமில்லை.

"எல்லாரும் சேர்ந்து வரோணும்னு போட்டிருந்துச்சு, வந்துட்டோம்" என்றாள் பழனாத்தாள். "அவனவன் தனியா மோட்டாரு வெக்கப்படாதுன்னுதான் சத்தியம். சேர்ந்து வெச்சாக் குத்தமில்லேன்னு பூசாரிகிட்டக் கேட்டுப்போட்டோம்."

தம்பிதுரை மோட்டாரைச் சுற்றி வந்தார். "ஏனுங்க கவுண்டரே, ஒண்ணு கேக்கோணும். என்ற மொறையில்லாத நேரத்துல எவனாச்சும் திருட்டுத்தனமா ஓட்டுனா எனக்கெப்படித் தெரியும்?"

அங்கப்பக் கவுண்டர் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன.

"உன்ற ஊட்டுல படுத்திருந்தாக்கூடக் கேக்கும்டா!" என்று கவுண்டர் கத்தினார்.

தம்பிதுரை முகத்தில் முதல்முறையாக ஒரு திருப்தி வந்தது. "கவலையில இந்த வசதி இல்லீங்க" என்றார். நாலு பேரும் மனுவில் கைநாட்டு வைத்தார்கள். ஒருத்தர் வைக்கும்போது மற்ற மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு கிணற்றுக்காரர்கள் அதே மாதிரி இடைவெளி விட்டு வந்து சேர்ந்தார்கள்.

எஞ்சினியர் வந்தார், மனுவை வாங்கிப் போனார். மருதாசலம் ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ரசாக்கு எழுதட்டும். பாலுசாமி, அவன் எழுதுனத நாலு பேருக்குக் கேக்கறாப்பல சத்தம் போட்டுப் படிக்கறது உன்ற வேலை. ரெண்டு பேருக்கும் சோறு போட்டுத்தான் ஆகோணும்போல இருக்குது."

அடுத்த வேலை ஒரு தலைமுடித் தைலம். இதுவரை சந்தைக்கே வராத புதுசு. புதுசு என்பதால் ரசாக் பாலுசாமியின் நாலு படியிலேயே ஏறிப் பார்த்தான். எழுதி நீட்டினான். பாலுசாமி உரக்கப் படித்தான். பிறகு வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை படித்தான்.

"நல்லா இருக்குதுங்க பாய்."

ரசாக் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "ஒக்காரு. என்னத்த மறைக்கறே, சொல்லு."